மஞ்சள் கூட்டிய படம்

கங்காதரனின் கண்ணை நம்பித்தான் தன் கலர் லேப் ஓடுகிறது என்று முதலாளி கலீமுல்லா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பனகல் பார்க்குக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையில் நெகடிவை மெஷினுக்குள் விட்டால் அதுவே நிறத்தைக் கணக்குப் பண்ணிப் படத்தைத் தள்ளிவிடும். ஆனால் மெஷினுக்கு எது முகம், எது சுவர் என்று தெரியாது. மஞ்சள் புடவைக்காரி படம் முழுக்க நின்றால், மஞ்சள் அதிகமாகிவிட்டது என்று நினைத்து அது குறைத்துவிடும். அவள் முகம் நீலம் பாரித்துப் போகும். அங்கேதான் கங்காதரன் வேண்டும். நெகடிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பான். மஞ்சள் பட்டனை இரண்டு தட்டு, மூன்று தட்டு. படம் வெளியே வரும்போது வானம் வானமாகவும் முகம் முகமாகவும் இருக்கும். எது எந்த நிறத்தில் இருக்கவேண்டும் என்பது அவன் விரலுக்குத் தெரியும் என்று பெயர்.

அவனுடைய மனைவி முத்துமாரி சீனிவாசபுரத்து மீன்காரக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, தொண்ணூற்றாறு ஆவணியில், அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்கு ஒரு பிடி குறைவு. மோகனா என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் பூத்தது. பிறந்த குழந்தைக்கு இது சகஜம், காலை வெயில் காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். மந்தைவெளியில் அவர்கள் குடியிருந்த ஒண்டுக் குடித்தனத்தில் வெயில் விழும் இடம் குழாயடி ஒன்றுதான். முத்துமாரி தினமும் அங்கே முக்காலி போட்டு, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

குழந்தை நன்றாகப் பால் குடித்தது, எடையும் ஏறியது. கண்ணில் இருந்த மஞ்சள் மட்டும் போகவில்லை. முப்பதாம் நாள் தெருக்கோடியில் இருந்த டாக்டர் ஸ்ரீவத்சனிடம் கொண்டுபோனார்கள். நல்ல மனுஷர், பொறுமையாகப் பார்ப்பவர். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற சில குழந்தைகளுக்கு மஞ்சள் ஒரு மாதத்துக்கு மேலும் நிற்பதுண்டு, பயமில்லை என்றார். பிறகு, மலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டார். முத்துமாரி தயங்கினாள். கொஞ்ச நாளாக வெளுப்பாகப் போகிற மாதிரி தெரிகிறது, ஆனால் துணி முழுக்க மஞ்சளாக ஊறிக் கிடப்பதால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றாள்.

"வாயால சொன்னா எனக்குத் தெரியாதும்மா. அடுத்த தடவை போனதும் துணியை அப்படியே எடுத்துண்டு வாங்கோ. கடுகு அரைச்ச மாதிரி மஞ்சளா இருந்தா கவலையே இல்லை" என்றார் டாக்டர்.

அழுக்குத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பளிங்குத் தரை கிளினிக்கில் பத்துப் பேர் நடுவே உட்காருவது கங்காதரனுக்குக் கூச்சமாக இருந்தது. அவனுக்குத் தோன்றிய வழி அவன் தொழிலில் இருந்தே வந்தது. மறுநாள் கடையிலிருந்து கேமராவை வாங்கி வந்தான். இரண்டு நாள் கழித்து, காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் குழந்தை வெளிக்குப் போனது. முத்துமாரி துணியைத் தரையில் விரித்துக் காட்டினாள். அறையில் ஒரே ஒரு மங்கல் பல்பு. அவன் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தான். துணியை நின்று நிதானமாகப் பார்த்தானா என்று பின்னாளில் எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டான். பார்க்கவில்லை. படம் எடுத்துவிட்டால் பார்த்த மாதிரிதான் என்ற எண்ணம். பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

அன்று மத்தியானம் கடையில் அந்த நெகடிவை மெஷினில் விட்டான். முதல் படம் வந்தது. துணி லேசான மஞ்சள், நடுவில் இருந்தது சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வெளுப்பு. கங்காதரனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. துணி முழுக்க மூத்திர மஞ்சள். மெஷின் வழக்கம்போல ஏமாந்து மஞ்சளைக் குறைத்துவிட்டது. மஞ்சள் பட்டனை மூன்று தட்டினான். இரண்டாவது படம் வந்தது. அதுவும் போதவில்லை. டாக்டர் சொன்ன கடுகு நிறம் மனத்தில் இருந்தது. இன்னும் இரண்டு தட்டினான். மூன்றாவது படத்தில் அரைத்த கடுகின் நிறம் அச்சாக வந்தது. முகத்துக்கு முகநிறம், இலைக்குப் பச்சை, பிள்ளை மலத்துக்குக் கடுகு மஞ்சள். மற்ற இரண்டையும் கிழித்துக் கூடையில் போட்டான்.

டாக்டர் ஸ்ரீவத்சன் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். துணி கொண்டுவரச் சொன்னால் படம் எடுத்து வந்திருக்கிறீர்களே என்று சிரித்தார். திருப்தியாக இருக்கிறது, வெயில் காட்டுங்கள், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அந்தப் படத்தை முத்துமாரி தடுப்பூசி அட்டைக்குள் செருகி வைத்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. முதல் தடுப்பூசியை முத்துமாரி ஒரு முகாமில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டு வந்தாள். நூறு குழந்தைக்கு நடுவில் இந்தக் குழந்தையை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. மோகனா முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். அப்பன் வரும் சத்தம் கேட்டால் காலை உதைத்துக்கொள்வாள். தோல் மட்டும் பழைய பித்தளை மாதிரி மங்கிக்கொண்டு வந்தது. கூட இருப்பவர்களுக்கு அது தெரியவில்லை.

இரண்டாவது தடுப்பூசிக்கு எழுபத்திரண்டாம் நாள் மந்தைவெளி சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதால் குடை பிடிக்க ஆள் வேண்டுமென்று கங்காதரனும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அங்கே ஊசி போடுபவர் தாயம்மா என்ற நர்ஸ். இருபது வருஷமாக அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் ஊசி போட்டவர். தொடையில் ஊசி இறங்கியதும் மோகனா வீறிட்டு அழுதாள். அந்த முக்கலில் வெளிக்கும் போய்விட்டாள். துணியை மாற்ற முத்துமாரி பெஞ்சில் கிடத்தினாள். தாயம்மா பஞ்சை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு குழந்தையை ஜன்னலோரம் தூக்கிப் போய்க் கண்ணை விரலால் விரித்துப் பார்த்தார்.

எவ்வளவு நாளாக இப்படி வெளுத்துப் போகிறது என்று அவர் கேட்டார். கங்காதரன் முந்திக்கொண்டு, டாக்டரிடம் காட்டியாயிற்று, அவர் பயமில்லை என்று சொல்லிவிட்டார் என்றான். அட்டையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினான். நீட்டும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தாயம்மா படத்தையும் பெஞ்சில் கிடந்த துணியையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தின் ஓரத்தில் பாதி தெரிந்த பக்கெட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது இன்னா, உங்க வூட்ல பித்தள பக்கெட்டா?"

"இல்லக்கா, எவர்சில்வர்" என்றாள் முத்துமாரி.

"எவர்சில்வரே பித்தளையா தெரியுது. அப்ப நடுவுல கீறது மட்டும் நெசமா இன்னா?"

கங்காதரன் அந்தப் பக்கெட்டைப் பார்த்தான். எத்தனை ஆயிரம் படங்கள் பார்த்த கண். ஓரத்தில் ஒரு எவர்சில்வர் இருந்தால் அதை வைத்தே மற்ற நிறத்தைச் சரிபார்க்கலாம் என்று கடைக்கு வருகிறவர்களுக்கு அவனே சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அவன் நடுவில் இருந்ததை மட்டும் பார்த்தான். பார்த்ததுகூட இல்லை. அது எப்படி இருக்க வேண்டுமோ அப்படி ஆக்கினான். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிச் செருப்பை நனைப்பது தெரியாமல் நின்றான்.

தாயம்மா அதட்டவில்லை. ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதினார். துணியைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கையில் கொடுத்தார். "வூட்டுக்குப் போவாத. நேரா எழும்பூர் கொயந்த ஆஸ்பத்திரிக்குப் போ. இந்தப் படத்த காட்டாத, துணியக் காட்டு" என்றார்.

எழும்பூரில் குழந்தைகளுக்கு அறுவை செய்யும் டாக்டர் ஜெயலக்ஷ்மியிடம் அவர்களை அனுப்பினார்கள். குட்டையான, களைத்த முகமுள்ள பெண்மணி. துணியைப் பிரித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பார்த்தார். பிறகு இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். ஈரலில் ஊறுகிற பித்தம் ஒரு குழாய் வழியாகக் குடலுக்கு இறங்கவேண்டும். மலத்துக்கு நிறம் கொடுப்பதே அந்தப் பித்தம்தான். சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய் அடைந்து அழிந்துவிடும். மலம் வெளுக்கும். இறங்க வழியில்லாத பித்தம் ரத்தத்தில் ஏறி மூத்திரத்தில் போகும். பச்சைக் குழந்தையின் மூத்திரம் தண்ணீர் மாதிரி இருக்கவேண்டும், துணியில் கறை பிடிக்கக் கூடாது என்றார். கங்காதரனுக்கு அந்த மஞ்சள் ஊறிய துணி ஞாபகம் வந்தது. மெஷினை ஏமாற்றியது என்று அவன் நினைத்த மஞ்சள் அது.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியில் மருந்து ஏற்றி, அது குடலுக்கு இறங்குகிறதா என்று வேறொரு இடத்தில் படம் பிடித்தார்கள். இறங்கவில்லை. இதற்குள் பத்து நாள் போனது. நடுவில் ஒரு நாள் கங்காதரன் கடைக்குப் போய்ப் பழைய நெகடிவைத் தேடி எடுத்தான். பக்கெட் எவர்சில்வராக வரும்வரை நிறத்தைத் திருத்தினான். இரண்டு தட்டிலேயே வந்துவிட்டது. அன்று முதலில் வந்து, அவன் கிழித்துப் போட்ட படத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. இதையும் தடுப்பூசி அட்டையில் இருந்த மஞ்சள் படத்தையும் டாக்டர் ஜெயலக்ஷ்மியின் மேஜையில் வைத்தான். நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

அவர் இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். "முப்பத்தி மூணாம் நாளே வெளுத்துப் போயிருக்கு" என்றார். குடலை நேரே ஈரலோடு வைத்துத் தைக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, அறுபது நாளுக்குள் செய்தால் பித்தம் இறங்க வாய்ப்பு அதிகம், நாளாக ஆக ஈரல் இறுகிவிடும் என்று விளக்கினார். "இப்பவும் செய்யறேன். ஆனா உறுதி கொடுக்க முடியாது. முன்னாடியே வந்திருந்தாலும் உறுதி கொடுத்திருக்க மாட்டேன். அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்."

அன்று சாயங்காலம் வார்டுக்கு வெளியே வராந்தாவில் முத்துமாரியிடம் சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"தெனம் துணி தொவச்சவ நானு மாமா. வெள்ளையாத்தான் போச்சு. எனக்குத் தெரிஞ்சுது. படத்துல மஞ்சளா கீதேன்னு என் கண்ணையே நம்பாம வுட்டேன்."

அவன் அவளருகே உட்காரப் போனான், அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவ்வளவுதான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு ஆபரேஷன் நடந்தது. எண்பத்து மூன்றாம் நாள். டாக்டர் ஸ்ரீவத்சனும் அன்று வந்திருந்தார். தாயம்மா சொல்லித் தெரிந்துகொண்டாராம். கங்காதரன் எழுந்து நின்றபோது அவர் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"நீங்க கொண்டுவந்தது படம். கேட்டது துணி. கேட்ட நானே படத்தைப் பார்த்துட்டு விட்டுட்டேன். பதினைஞ்சு நாளுக்கு மேல மஞ்சள் நின்னா ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கணும். அது என் தப்பு" என்றார். பிறகு கதவையே பார்த்துக்கொண்டு ஆறு மணி நேரமும் கூட இருந்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகு எல்லோரும் காத்திருந்தது ஒன்றுக்காகத்தான். துணியில் நிறம் வரவேண்டும். காலையில் டாக்டர், பிறகு நர்ஸ், பிறகு கங்காதரன் என்று ஆளாளுக்குத் துணியைப் பார்த்தார்கள். அவன் சட்டைப் பையில் வெள்ளைக் காகிதத்தை மடித்து வைத்திருந்தான். அதைப் பக்கத்தில் வைக்காமல் பார்ப்பதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்ப்பான், டியூப் லைட்டில் பார்க்கமாட்டான். முத்துமாரியையும் கூப்பிட்டு நீ சொல் என்பான். ஒன்பதாம் நாள் துணியில் பச்சை கலந்த ஒரு பழுப்பு தெரிந்தது. அவன் துணியை அவளிடம் நீட்டினான். அவள் பார்த்துவிட்டுக் குழந்தையின் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். வார்டில் இருந்த மற்ற தாய்மாரெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். பிள்ளை மலத்தைப் பார்க்க அப்படி ஒரு கூட்டம்.

அந்த நிறம் ஐந்து வாரம் இருந்தது. கண்ணின் மஞ்சள்கூடக் குறைந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. பித்தக் குழாயில் கிருமி என்றார்கள். மருந்தில் காய்ச்சல் அடங்கியது, நிறம் திரும்பவில்லை. ஒரு நாள் லேசாக வெளுத்தது, அடுத்த நாள் இன்னும் வெளுத்தது. இந்த முறை கங்காதரன் சரியாகப் பார்த்தான். முதல் நாளே பார்த்துவிட்டான். பையில் துணியோடு ஓடினான். டாக்டர் ஜெயலக்ஷ்மி செய்யக்கூடியதையெல்லாம் செய்தார். ஈரலையே மாற்றுவது வெளிநாட்டில் நடக்கிறது, இங்கே இத்தனை சின்னக் குழந்தைக்கு இன்னும் யாராலும் முடியவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவர்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

மோகனா உட்காரப் பழகினாள். வயிறு ஊதியிருந்ததால் இரண்டு கையையும் முன்னால் ஊன்றித்தான் உட்காருவாள். "ப்பா" என்று ஒரு சொல் வந்தது. கங்காதரனைப் பார்த்தும் சொல்வாள், பஸ்ஸைப் பார்த்தும் சொல்வாள். முத்துமாரியின் அக்கா குப்பம்மா தினமும் மீன் விற்றுவிட்டு வழியில் வந்து போவாள். கை நாறுகிறது என்று குழந்தையைத் தொடமாட்டாள், எதிரே குந்தி உட்கார்ந்து விளையாட்டுக் காட்டுவாள்.

ஆனி மாதம் ஒரு காலையில் மலம் கறுப்பாகப் போனது. தார் மாதிரி பிசுபிசுத்துத் துணியில் ஒட்டியது. இப்படிப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார். முத்துமாரிதான் முதலில் பார்த்தாள். கேட்கவும் இல்லை, காட்டவும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவை நிறுத்தினாள். முக்கால் மணி நேரத்தில் எழும்பூரில் இருந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் யாரும் கொண்டுவந்ததில்லை என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் மோகனா இறந்தாள். பதினோரு மாதம் முடியவில்லை.

கங்காதரன் பதினைந்து நாள் வேலைக்குப் போகவில்லை. போனபோது மெஷின் முன் உட்கார முடியாமல் கவுண்டரில் நின்றான். கலீமுல்லா வேறொருவரை மெஷினில் உட்காரவைத்துச் சமாளித்தார். ஒரு மாதம் கழித்து டாக்டர் ஜெயலக்ஷ்மி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தடுப்பூசி போடும் இடங்களில் மாட்டுவதற்குப் பிள்ளை மலத்தின் நிறங்களைக் காட்டும் அட்டை ஒன்று வேண்டும், நிறம் பிசகாமல் செய்ய உங்களைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது என்றார். உங்களால் முடியாவிட்டால் அதுவும் எனக்குப் புரியும் என்றார்.

அவன் இரண்டு மாதம் அதைச் செய்தான். வார்டில் துணி கிடைக்கிற நேரமெல்லாம் பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தை ஓரத்தில் வைத்துப் படமெடுத்தான். ஒவ்வொரு படத்தையும் கடையிலிருந்து திரும்பக் கொண்டுவந்து, அதே துணியோடு வைத்து ஒப்பிட்டான். ஒன்றுக்கு எட்டு முறைகூட அச்சுப் போட்டான். சுண்ணாம்பு வெள்ளைக்கு மட்டும் புதிதாகப் படம் எடுக்கவில்லை. அந்தப் பழைய நெகடிவையே போட்டான், பக்கெட் எவர்சில்வராகத் தெரியும்படி. அட்டையின் அடியில் டாக்டர் ஒரு வரி எழுதச் சொன்னார்: படத்தைப் பார்த்துச் சந்தேகப்படலாம், படத்தை வைத்து நிம்மதி அடையக் கூடாது, துணியைக் கொண்டு வாருங்கள்.

மந்தைவெளி சுகாதார நிலையத்தில் அட்டையை மாட்டப்போன அன்று முத்துமாரியும் வருகிறேன் என்றாள். அவன் வேண்டாம் என்று சொல்லத் துணியவில்லை. தாயம்மா காட்டிய இடத்தில் அவன் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஊசிக்குக் காத்திருந்த ஓர் இளம்பெண், மடியில் ஒரு மாதக் குழந்தை, அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, தன் குழந்தைக்கு நேற்று பச்சையாகப் போனது, அது கெட்டதா என்று முத்துமாரியைக் கேட்டாள். நர்ஸ் என்று நினைத்திருப்பாள் போல.

முத்துமாரி அட்டையின் பக்கத்தில் போய் நின்றாள். அவள் அந்தப் படங்களை அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது.

"பச்சையா போனா பயப்படாத. மஞ்சளு, பச்ச, பழுப்பு எல்லாம் செரிதான். தாய்ப்பால் குடிக்கிற கொயந்தைக்குத் தண்ணியா, திப்பி திப்பியா கூட போவும், ஒரு நாளைக்குப் பத்து தபா கூட போவும். ஆனா வெறும் தண்ணியா பிச்சிக்கினு போயி கொயந்த பால் குடிக்காம தொவண்டுச்சுன்னா வுட்றாத. ரத்தம் தெரிஞ்சா வுட்றாத. பொறந்த ரெண்டு மூணு நாள்ல கருப்பா போறது வேற, அதுக்கப்பறம் தாரு மாதிரி போனா உடனே ஓடு." விரல் கடைசிப் படத்துக்கு வந்து நின்றது. ஓரத்தில் பாதி பக்கெட். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்த மாதிரி வெள்ளையா போச்சுன்னா, ஒரு தபா போனா கூட, யார் இன்னா சொன்னாலும் கேக்காத. துணியத் தூக்கிக்கினு வந்துரு."

அந்தப் பெண் தலையாட்டினாள். இவ்வளவு விவரமாகச் சொல்கிறீர்களே, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

"ஒண்ணு" என்றாள் முத்துமாரி. அந்தக் குழந்தையின் துணி விலகியிருந்ததைச் சரியாக இழுத்து மூடினாள். பிறகு கங்காதரனைத் திரும்பிப் பார்த்து, ஆணி கோணலாகப் போகிறது, நேராக அடி என்றாள்.